கால் எடுத்த பிறகும் ஓடும் மீட்டர்

முத்தியால்பேட்டையில் நான்கு பவர் மெஷின் வைத்து பிளவுஸ், நைட்டி தைக்கும் ஒரு அக்கா, "கரண்ட் பில்லும் ஏறுது, பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம்னு சண்டைக்கு வர்றாங்க, ஒரு வழி சொல்லுங்க தம்பி" என்று கூப்பிட்டார். நான்கிலும் அரை எச்பி கிளட்ச் மோட்டார்.

கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதியை அழுத்தினால் கிளட்ச் தட்டு ஒட்டி மெஷின் ஓடும். காலை எடுத்தால் ஊசி நிற்கும், மோட்டார் நிற்காது. அதற்குப் பதிலாக மாட்டும் சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும்.

எவ்வளவு மிச்சம் என்பதற்கு விற்பவர்கள் கிளாம்ப் மீட்டர் மாட்டி, ஒன்றரை ஆம்பியர், 230-ஆல் பெருக்கினால் 345 வாட் என்பார்கள். அதை நம்பாதீர்கள். சும்மா சுற்றும் மோட்டாரின் பவர் ஃபேக்டர் மிகக் குறைவு, அதாவது இழுக்கும் கரண்டில் கொஞ்சம்தான் உண்மையில் வாட்டாகச் செலவாகும். வீட்டு மீட்டர் கணக்கெடுக்கும் வாட் இதில் பாதிக்கும் கீழே இருக்கலாம்.

நான் மீட்டரையே பார்த்தேன். அதில் 3200 imp/kWh என்று அச்சிட்டிருந்தது. சிவப்பு விளக்கு 3200 முறை கண் சிமிட்டினால் ஒரு யூனிட். ஃபேன், லைட், அயர்ன் பாக்ஸ் எல்லாம் அணைத்து, ஒரே ஒரு மோட்டாரை மிதிக்காமல் 15 நிமிடம் ஓட விட்டோம். 120 சிமிட்டல், அதாவது 150 வாட். சர்வோ மாட்டியபின் அதே 15 நிமிடத்தில் நான்கே சிமிட்டல், 5 வாட்.

எட்டு மணி நேர வேலையில் ஊசி ஓடுவது இரண்டு மணி நேரம்தான். மீதி நேரம் துணி மடிப்பது, நூல் வெட்டுவது, கொக்கி வைப்பது. அந்த ஆறு மணி நேரத்துக்கு மட்டும், நான்கு மெஷினிலும் சர்வோ இருந்தால் நாளுக்கு மூன்றரை யூனிட், 26 நாளில் சுமார் 90 யூனிட் மிச்சம். உங்கள் பில்லில் உள்ள கட்டணத்தால் பெருக்கி, மோட்டார் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்துப் பழகியவர்களுக்கு லாபம் இவ்வளவு வராது.

சத்தத்தில் போனது அந்த இடைவிடாத உறுமல். தைக்கும்போது வரும் தடதட சத்தம் மெஷின் தலையுடையது, அது இருக்கத்தான் செய்யும். இரவில் தரை அதிர்வதாகப் பக்கத்து வீட்டில் சொன்னதால், மேஜைக்கால்களின் அடியில் தடித்த ரப்பர் வைத்தோம். அதற்குப் பிறகுதான் அவர்கள் சமாதானமானார்கள்.

வேகத்தை முதல் வாரம் குறைத்தே வையுங்கள். கிளட்சுக்குப் பழகிய கால் சர்வோவை வேண்டியதைவிட அதிகமாக மிதித்துவிடும். எர்த் சரியாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கடலோர ஈரக்காற்றில் சர்வோவின் கன்ட்ரோல் போர்டு துருப்பிடித்துக் கெட்டால் கிளட்ச் மோட்டாரைப் போல காயில் கட்டிச் சரிசெய்ய முடியாது, போர்டையே மாற்ற வேண்டும். மலிவான சர்வோ மெதுவான வேகத்தில் தடித்த ரெக்சினைத் துளைக்கத் திணறும். பை தைக்கும் ஆர்டரும் எடுப்பதால், அந்த அக்காவின் நான்காவது மெஷினில் கிளட்ச் மோட்டாரையே திரும்ப மாட்டிவிட்டேன்.