கேஸ் தீரவில்லை, ஒழுகுகிறது: வாரன்டி முடிந்த ஏசி காயிலை நிறுவனத்திடம் கேட்பது எப்படி

ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. ஒழுக்கு இல்லாத வரை திரும்ப நிரப்பவே வேண்டாம். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கோடைக்குக் கோடை "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்" என்று சொல்லப்படும்போதெல்லாம், அது உண்மையென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள்.

ஒரு உதாரணம். 2024 மே மாதம் வாங்கிய ஒன்றரை டன் ஏசி. கம்ப்ரெசருக்குப் பத்து வருட வாரன்டி என்று பெட்டியில் பெரிய எழுத்து. கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான காயிலுக்கும் கேஸுக்கும் ஒரே வருடம் என்பது அட்டைக்குள் பொடி எழுத்து. 2025 மார்ச்சில் கூலிங் குறைந்தது, இலவசமாகக் கேஸ் நிரப்பினார்கள். ஆகஸ்டில் மறுபடி அதே கதை. இப்போது சர்வீஸ் சென்டர் சொல்கிறது: இண்டோர் காயில் லீக், வாரன்டி முடிந்துவிட்டது, புது காயிலுக்குப் பணம் கட்டுங்கள்.

பலரும் இங்கேயே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் இந்த வழக்கின் உயிர், டெக்னீஷியன் மார்ச்சில் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட்டில் இருக்கிறது. குறை வாரன்டிக்குள்ளேயே தலைகாட்டிவிட்டது. ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்பினார்கள் என்றால் வாரன்டி வேலையே முடியவில்லை. அதனால் நீங்கள் கேட்பது வெறும் சலுகை அல்ல, பாதியில் விட்ட வேலையின் மீதி. ஜாப் ஷீட் தொலைந்திருந்தால், பதிவு செய்த கைபேசி எண்ணைக் குறிப்பிட்டு முழு சர்வீஸ் விவரத்தையும் மெயிலில் கேளுங்கள். பழைய எஸ்எம்எஸ்ஸில் புகார் எண்ணும் கிடக்கும்.

அடுத்து, ஓட்டை எங்கே என்பது. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுகும் இடத்தில் குமிழ் வரும், பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். குழாய் இணையும் நட்டில் குமிழ் வந்தால் அது பொருத்தியவர் தவறு, காயிலைக் குறை சொல்ல முடியாது. அவுட்டோர் காயில் என்றால் "கடல் காத்து சார்" என்பார்கள். நம் பக்கத்தில் அதில் உண்மையும் உண்டு. ஆனால் உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சு என்று விளம்பரம் செய்து விற்ற மாடலாக இருந்தால், அந்த விளம்பரத்தையே எடுத்து நீட்டலாம். அறைக்குள் இருக்கும் காயிலில் ஊசிமுனை ஓட்டை என்றால் கடல் காற்று வாதம் பலவீனமாகிவிடும். அப்போதும் நிறுவனம் சாக்கடை வாயு, பெயின்ட், பிளைவுட் பசை என்று ஏதாவது சொல்லக்கூடும். இவையும் செம்பை அரிப்பவைதான். அந்த வாதத்துக்கு நீங்கள் தரக்கூடிய பதில், அதே மாடலில் அதே இடத்தில் மற்றவர்களுக்கும் ஓட்டை விழுந்திருப்பதைக் காட்டுவது. அபார்ட்மெண்டில் இரண்டு மூன்று பேரிடம் அதே மாடல் இருந்தால் அவர்கள் ஜாப் ஷீட்டையும் வாங்கி இணையுங்கள்.

ஜாப் ஷீட்டில் 'கேஸ் கம்மி' என்று எழுத விடாதீர்கள். 'இண்டோர் காயிலில் லீக், சோப்புச் சோதனையில் உறுதி' என்று எழுத வேண்டும். குமிழ் வருவதை வீடியோ எடுங்கள். அதற்கு முன் வெளி மெக்கானிக் கை வைத்தால் நிறுவனம் அதையே காரணம் காட்டும்.

சர்வீஸ் சென்டர் கவுன்டரில் வாதாடிப் பயனில்லை. அது பெரும்பாலும் ஏஜென்சி. வாரன்டி தாண்டிய பாகத்தை இலவசமாகக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்காது. நிறுவனத்தின் கிளை சர்வீஸ் மேலாளருக்கும் குறைதீர் அதிகாரிக்கும் மெயில் போக வேண்டும். நான்கு வரி போதும்:

"மாடல், சீரியல் எண் இவை. 2025 மார்ச்சில், வாரன்டிக்குள், கேஸ் குறைவு என்று புகார் செய்தேன், லீக் சரிசெய்யப்படவில்லை. ஆகஸ்டில் இண்டோர் காயில் லீக் உறுதியானது. காயிலை இலவசமாக மாற்றி, புது காயிலுக்கு ஒரு வருட வாரன்டி எழுத்தில் தரவும். 15 நாளில் பதில் வேண்டும்."

முதல் பதில் பெரும்பாலும் மறுப்பு. அடுத்து பாதி விலை என்பார்கள். காயில் இலவசம், கேஸும் கூலியும் உங்கள் செலவு என்று முடிந்தால், மார்ச் ஜாப் ஷீட் இல்லாதவருக்கு அது நல்ல பேரம். இருப்பவர் இன்னும் கொஞ்சம் அழுத்தலாம்.

பதிலே இல்லையா? 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் தீர்ப்பு சொல்வதில்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், e-jagriti.gov.in வழியாகவும் முடியும். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் சட்டத்தின் 69-வது பிரிவுப்படி இரண்டு வருடக் கெடு உண்டு. எந்தத் தேதியிலிருந்து என்று சண்டை வரும் என்பதால், முதல் புகாரிலிருந்தே எண்ணுங்கள்: இந்த உதாரணத்தில் 2027 மார்ச்.

இன்னொன்று. வேலை முடிந்ததும் டெக்னீஷியன் ஓடிபி கேட்பார். கொடுத்தால் 'வாடிக்கையாளர் திருப்தி' என்று புகார் மூடப்படும். கேஸை மட்டும் நிரப்பிவிட்டுக் கிளம்புகிறவருக்கு அந்த எண்ணைச் சொல்லாதீர்கள்.