மெய்நிகர் வேலை: பிரிக்காமலே விசை காணும் வழி

சமநிலையில் நிற்கும் அமைப்பின் விசைகளைக் கணக்கிட இயந்திரவியலில் ஒரு முறை உண்டு. 'வர்ச்சுவல் வொர்க்' என்று சொல்லப்படும் அதைத் தமிழில் 'மாய வேலை' என்றும் எழுதலாம், 'மெய்நிகர் வேலை' என்றும் எழுதலாம். நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன். காரணம் சொல்லின் வேரில் இருக்கிறது. 'வர்ச்சுவல்' என்பது 'விர்ட்டுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆற்றல், திறன் என்று அதற்குப் பொருள். ஆக, அது பொய்த்தோற்றம் அல்ல. நடக்கும் திறன் உள்ளது, ஆனால் இன்னும் நடக்காதது. ஆடியில் தெரியும் மாய பிம்பத்தின் 'மாய' இங்கே ஒட்டாது. இந்த முறையில் கற்பனையாக இருப்பது இடப்பெயர்ச்சி மட்டும்தான். விசைகள் எல்லாம் நிஜமானவை.

சுவிஸ் கணிதவியலாளர் ஜோஹான் பெர்னூலி, பிரெஞ்சுக் கணிதவியலாளர் வரிஞோனுக்கு எழுதிய கடிதத்தில் இந்த முறையின் விதியைப் பொதுவாகச் சொன்னார். அது 1725-இல் வரிஞோனின் நூலில் அச்சானது. பெர்னூலி பேசியது மெய்நிகர் திசைவேகம் பற்றி. 'வேலை' என்ற சொல்லுக்கு, விசையை அதன் திசையிலான நகர்வால் பெருக்கிய அளவு என்ற இன்றைய பொருளைப் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1829-இல்தான் நிலைநிறுத்தினார்.

விதி இதுதான்: சமநிலையில் உள்ள அமைப்பை, அதன் மூட்டுகள் அனுமதிக்கும் வழியில் மிகச் சிறிதளவு நகர்த்தியதாக நினைத்துக்கொண்டால், எல்லா விசைகளும் செய்யும் வேலைகளின் கூட்டுத்தொகை சுழி. உராய்வு இல்லாத மூட்டில் ஒரு கோல் மற்றதைத் தள்ளும், மற்றது அதே அளவில் திருப்பித் தள்ளும். இரண்டும் சேர்ந்தே நகர்வதால் அந்த வேலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால்தான் கோல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் படம் போட வேண்டியதில்லை.

கார் தூக்கும் கத்தரி ஜாக்கியை எடுத்துக்கொள்வோம். நான்கு சம நீளக் கைகள் சாய்சதுரமாக நிற்கின்றன. உச்சியில் பளு W. இடவல மூலைகளை ஒரு கிடைத் திருகு இழுத்துப் பிடித்திருக்கிறது. அதன் இழுவிசை F-தான் நமக்கு வேண்டும். கையின் நீளம் L, கிடையோடு அது செய்யும் கோணம் θ என்றால், உயரம் h = 2L sin θ, மூலைகளுக்கு இடையிலான அகலம் s = 2L cos θ. கோணம் துளி கூடினால் உயரம் கூடும், அகலம் குறையும். பளு மேலேறுவதால் அதன் வேலை எதிர்க்குறி. மூலைகள் இழுவிசையின் திசையிலேயே உள்ளே வருவதால் அதன் வேலை நேர்க்குறி. இரண்டையும் கூட்டிச் சுழியாக்கினால்:

F = W / tan θ

L மறைந்துவிட்டது. பளு 5000 நியூட்டன் என்றால், 60° கோணத்தில் இழுவிசை சுமார் 2890 நியூட்டன். 15° கோணத்தில் சுமார் 18,660. ஜாக்கி தாழ்ந்திருக்கும்போது திருகு ஏன் அவ்வளவு பாடுபடுகிறது என்பது இதில் தெரிகிறது. குறியைத் தவறாகப் போட்டிருந்தாலும் இங்கேயே பிடிபடும்: உயர உயர F குறையாவிட்டால் எங்கோ பிழை.

கோணம் அளக்க வசதியில்லையா? சரி, நகர்வையே அளந்துவிடலாம், அதுவும் பளு இல்லாமலே. திருகின் ஒரு சுற்றுக்கு அகலம் 3 மி.மீ. குறைகிறது, L 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 15° நிலையிலிருந்து ஒரு சுற்று மேலே போனால் உயரம் 10.6 மி.மீ. ஏறும். 5000-ஐ 10.6/3 என்ற விகிதத்தால் பெருக்கினால் சுமார் 17,700 நியூட்டன், அதாவது 5 சதவீதம் குறைவு. ஒரு முழுச் சுற்று 'மிகச் சிறிய' நகர்வு இல்லை என்பதே காரணம். அதே இடத்திலிருந்து ஒரு சுற்று கீழே 11.9 மி.மீ. இறங்கும். இரண்டின் சராசரியை எடுத்தால் பிழை 1 சதவீதத்துக்குள் வந்துவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திசை மாற்றும்போது புரிக்கும் நட்டுக்கும் இடையில் உள்ள ஆட்டம் சுற்றின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அதனால் முதலில் நன்றாகத் தாழ்த்திவிட்டு, ஒரே திசையில் ஏற்றிக்கொண்டே மூன்று நிலைகளிலும் உயரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது.

ஒரு கைக்குள் இருக்கும் அமுக்கு விசை வேண்டுமென்றால் இந்த நகர்வு உதவாது, ஏனென்றால் இதில் கையின் நீளம் மாறுவதில்லை. அந்தக் கை மட்டும் துளி சுருங்கியதாக வேறொரு நகர்வைக் கற்பனை செய்ய வேண்டும். எந்த விசை வேண்டுமோ அது வேலை செய்யும்படி நகர்வைத் தேர்ந்தெடுப்பதே இந்த முறையின் சூட்சுமம்.

உராய்வுதான் எல்லை. மூட்டுகளில் அது சிறிது என்பதால் F ஓரளவு சரியாகவே வரும். ஆனால் திருகைச் சுழற்றத் தேவையான முறுக்குவிசையையும் இதே வழியில் கணக்கிட்டால் 15°-இல் சுமார் 8.9 நியூட்டன் மீட்டர்தான் வரும். கையை எடுத்தாலும் பளு இறங்காமல் நிற்கிற திருகில், செய்யும் வேலையில் பாதிக்கு மேல் உராய்வுக்கே போகிறது. எனவே உண்மையில் தேவைப்படுவது அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.