பேட்ச்: பின்தொடர் ஒட்டு

படத்தொகுப்புக்குப் பிறகு, நடிகர் கையில் குத்திய பச்சையையோ அங்குள்ள தழும்பையோ மறைக்கும் வேலையில் ‘பேட்ச்’ என்ற சொல் அடிக்கடி வரும். பக்கத்துத் தோலின் நிறத்தையும் மயிர்க்கால்களையும் கொண்டு வரைந்த ஒரு சிறு படத்துண்டை அந்த இடத்தில் பதித்து, கை அசையும்போதெல்லாம் அதையும் உடன் அசையச் செய்வதே அதன் பொருள்.

ஆங்கிலத்தில் இது கிழிந்த துணிக்குப் போடும் துண்டைக் குறித்த பழைய சொல். பிரெஞ்சில் ‘துண்டு’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். தமிழில் ‘ஒட்டு’ இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. அது துணிக்குப் போடும் ஒட்டையும் குறிக்கும். ஒட்டுமாங்கன்றில் போல உயிருள்ள உடலோடு சேர்ந்து இயங்குவதையும் குறிக்கும். அசைவைத் தொடர்வதையும் சொல்ல வேண்டியிருப்பதால் ‘பின்தொடர் ஒட்டு’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

முன்கையில் பச்சை குத்திய ஒருவர் தேநீர்க் கோப்பையை எடுக்கும் நான்கு நொடிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 24 வீதம் 96 படச்சட்டங்கள். பச்சை கேமராவுக்கு நேராகவும் மங்கலின்றியும் தெரியும் ஒரு சட்டத்தில் மட்டும் ஒட்டை வரைந்து, விளிம்பை மென்மையாக்குவார்கள். அசைவைக் கணக்கிட மோக்கா போன்ற மென்பொருள் தோலின் நுண்வடிவங்களைப் பற்றிக்கொள்கிறது. மறைக்க வேண்டிய பச்சையே இங்கு மிகச் சிறந்த பிடிமானம். வெறும் தோலில் பற்றிக்கொள்ள அதிகம் இருப்பதில்லை.

சிக்கல் மணிக்கட்டைத் திருப்பும்போது வருகிறது. முன்கை தட்டையான பலகை அல்ல. உள்ளே எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்ப, தோல் மணிக்கட்டருகே அதிகமாகவும் முழங்கையருகே குறைவாகவும் முறுக்கிக்கொள்கிறது. தட்டையாகக் கணக்கிட்ட ஒட்டு அங்கே வழுக்கத் தொடங்கும். அப்போது தோலின் மேல் வலைபோல் புள்ளிகளை விரித்து, ஒவ்வொன்றின் நகர்வையும் தனித்தனியே தொடர வேண்டும். பச்சை கையின் ஓரத்துக்குச் சுழன்றுபோனால் வேறொரு சட்டத்தில் இரண்டாவது ஒட்டு வரைந்து, முதலாவதை மெல்ல அதனுள் கரைப்பார்கள்.

ஒளியும் மாறிக்கொண்டே இருக்கும். மூலக் காட்சியை நன்றாக மங்கலாக்கி, அதிலிருக்கும் ஒளி ஏற்றத்தாழ்வை மட்டும் ஒட்டின் மேல் ஏற்றுவது வழக்கம். பச்சைக்கு, அதன் கருமை அந்த மங்கலில் கலக்காதபடி பார்த்துக்கொண்டால், இது பெரும்பாலும் போதும். புடைத்த தழும்புக்கு இது ஏமாற்றிவிடும்: தழும்பின் சொந்தப் பளபளப்பும் அதில் சேர்ந்து வந்து, மறைத்த இடத்தில் மேடு மீண்டும் தெரியும். தழும்பைச் சுற்றியுள்ள தோலிலிருந்துதான் ஒளியை எடுக்க வேண்டும்.

வேலை சரியா என்று பார்க்க, கணக்கிட்ட அசைவைத் திருப்பிப் போட்டுக் கையை அசையாமல் நிறுத்தி ஓட்டிப் பார்க்கலாம். ஒட்டு நிற்க, பக்கத்திலுள்ள மச்சம் நடுங்கினால் தொடர்தல் தவறு. பிறகு வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் படத்தின் துகள், அதாவது சட்டத்துக்குச் சட்டம் மாறும் நுண்புள்ளிகள், துடிக்க, ஒட்டுப் பகுதி மட்டும் உறைந்து கிடந்தால் துகளைப் புதிதாகச் சேர்க்கவில்லை என்று பொருள்.