வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினால் அடி நிற்காது

வடசென்னையின் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கமிருந்து சட்ட உதவிக்கு வரும் பெண்கள் பலர் பையிலிருந்து ஒரே மாதிரித் தாளை எடுக்கிறார்கள். "இனிமேல் மனைவியை அடிக்க மாட்டேன்" என்று ஸ்டேஷனில் புருஷன் எழுதிய வெள்ளைத்தாள், கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து. "எழுதிக் கொடுத்துட்டார் மேடம், மறுபடியும் அடிக்கிறார்" என்கிறார்கள்.

அம்மா, அந்தத் தாளை மீறியதற்காக மட்டும் அவரை யாரும் கைது செய்ய முடியாது. கூடவே தரும் சி.எஸ்.ஆர். ரசீதுக்கும் புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் பொருளில்லை. அது எஃப்.ஐ.ஆர். இல்லை. எஃப்.ஐ.ஆரில் குற்ற எண்ணும் சட்டப்பிரிவும் இருக்கும், நகலை இலவசமாகத் தரவேண்டும். கையிலிருப்பதில் குற்ற எண் இல்லையென்றால் வழக்கே பதிவாகவில்லை. தாளைக் கிழித்துவிடாதீர்கள், முன்பே புகார் போனதைக் காட்ட அது உதவும்.

பிடி உள்ள தாள் மாஜிஸ்திரேட் தருவது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவர் பாதுகாப்பு உத்தரவு போட்டபின் புருஷன் மீறினால் அதுவே தனிக்குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடமுடியாத பிரிவு அது. வாடகை வீடானாலும், ஒப்பந்தம் புருஷன் பெயரில் இருந்தாலும், உங்களைத் தெருவில் நிறுத்தாதபடி உத்தரவு கேட்கலாம். மனுவை எழுத உதவும் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதனால் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேளுங்கள்.

இத்தனையையும் கெடுப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலில் சொல்லும் ஒரு பொய். உதடு கிழிந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூட வரும் மாமியார் "வழுக்கி விழுந்துட்டா" என்பார். தெரு என்ன பேசுமோ என்று பெண்ணும் தலையாட்டுவாள். ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். பிறகு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். யார், எதனால், எப்போது அடித்தார் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். ஏ.ஆர். நகலுக்கு எழுதிக் கேளுங்கள்.

தெருப்பேச்சுக்கு வலு இல்லை என்று சொல்லவில்லை. ஹவுஸ் ஓனரம்மா போட்ட ஒரு சத்தத்தில் சில வாரம் அடங்கிய ஆட்கள் உண்டு. புருஷனுக்குக் கூச்சம் இருக்கும்வரை அது ஓடும். கூச்சம் விட்டபின் அதே வாய்கள் "நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்று அவள் பக்கம் திரும்பும். பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து அபராதம் போடும் கட்டப்பஞ்சாயத்துக்கும் போகாதீர்கள், அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர்களே, ராத்திரி அலறல் கேட்டால் மறுநாள் அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டாம். அந்த நேரமே 181-க்கோ 112-க்கோ போன் பண்ணுங்கள். குடும்ப வன்முறை பற்றி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது.