சொல் விளக்கம்: ஹால்மார்க்

நகைக்கடையில் எல்லோர் வாயிலும் புரளும் சொல் 'ஹால்மார்க்'. ஹால் என்றால் கூடம், மார்க் என்றால் குறி. அப்படியே சொன்னால் 'கூடத்துக் குறி'. எந்தக் கூடம் என்று கேட்டால் லண்டனுக்குப் போக வேண்டும்.

1300-ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் ஒரு சட்டம் போட்டார். வெள்ளிப் பொருள் எதுவும் உரிய தரத்துக்குக் குறையக் கூடாது, சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்திய பிறகே பட்டறையை விட்டு வெளியே போக வேண்டும் என்றது அது. அப்போது சோதிப்பவர்கள்தான் பட்டறை பட்டறையாகப் போனார்கள். 1478-இல் இது தலைகீழானது. பொற்கொல்லர் சங்கத்தின் கூடத்திலேயே நிரந்தரமாக ஒரு சோதனையாளரை உட்கார வைத்து, பொருளை அங்கே கொண்டுவரச் சொன்னார்கள். அங்கே குத்தப்பட்டதால் அது கூடத்துக் குறி, ஹால்மார்க்.

அதே 1478-இல் இன்னொரு பழக்கமும் வந்தது. முத்திரையோடு ஆண்டுக்கு ஓர் எழுத்து சேர்த்துக் குத்தினார்கள். பிற்காலத்தில் பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று செய்ததல்ல இது. தரம் குறைந்த பொருள் பின்னால் பிடிபட்டால், அந்த ஆண்டு சோதனைப் பொறுப்பில் இருந்தவர் யார் என்று கண்டுபிடிக்கத்தான். நகையின் வயதை இன்று நாம் படிக்க உதவும் எழுத்து, ஒருவரைப் பொறுப்பாக்குவதற்காகப் பிறந்தது.

ஹால்மார்க் என்ற சொல்லின் உயிரே இதில்தான் இருக்கிறது: விற்பவர் குத்துவது ஹால்மார்க் ஆகாது. விற்பவர் அல்லாத ஒருவர் சோதித்துவிட்டுக் குத்துவதுதான் ஹால்மார்க்.

நம் நாட்டில் அந்த 'ஒருவர்' இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற சோதனை மையம். தங்கத்துக்கு ஹால்மார்க் இங்கே 2000-இல் தொடங்கியது. ஆகவே பாட்டியின் அட்டிகையிலோ, 1980-களில் கல்யாணத்துக்கு வாங்கிய நகையிலோ இருப்பது ஹால்மார்க் அல்ல. அதில் '22' என்றும் கடையின் முதலெழுத்துகளும் இருக்கும். அது கடைக்காரர் தன் வாக்குக்குத் தானே வைத்த கையெழுத்து. அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் மூன்றாம் ஆள் சாட்சி அதில் கிடையாது.

கே.டி.எம். என்ற முத்திரையும் இப்படித்தான். அது தூய்மைக் குறியே அல்ல. நகையின் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசில் செம்புக்கும் வெள்ளிக்கும் பதில் காட்மியம் சேர்த்தார்கள் என்பதையே அது சொல்கிறது. 92 பங்கு தங்கத்துக்கு 8 பங்கு காட்மியம் என்பதால் பற்றாசாலும் தங்கத்தின் மாற்று, அதாவது தரம், குறையாது, அதனால் அந்தக் காலத்தில் அதற்கு மதிப்பு இருந்தது. காட்மியப் புகை பத்தர்களின் நுரையீரலைக் கெடுத்ததால் பின்னர் அதைக் கைவிட்டார்கள்.

என் அம்மாவின் செயினையும் பதக்கத்தையும் வைத்து இதைச் சொன்னால் எளிதாகப் புரியும். செயின் மூன்று பவுன், அதாவது 24 கிராம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக் கொக்கிக்குப் பக்கத்தில் பார்த்தேன். வரிசையாக ஐந்து குறிகள் இருந்தன: அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 916 என்ற எண், சோதனை மையத்தின் குறி, ஜே என்ற ஆங்கில எழுத்து, கடையின் குறி.

916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். 24-இல் 22 பங்கை ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் அதுதான் வரும். ஆக 24 கிராம் செயினில் சுத்தத் தங்கம் ஏறக்குறைய 22 கிராம். ஜே என்பது ஆண்டு எழுத்து. 2000-க்கு ஏ என்று தொடங்கி வந்த வரிசையில் 2008-க்கு ஜே. அம்மா தன் கல்யாணச் செயின் என்றே இத்தனை நாளும் சொல்லிவந்தார். எழுத்தைக் காட்டியதும்தான், பழைய செயினைப் போட்டுவிட்டு இதை மாற்றி வாங்கியது நினைவுக்கு வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கொக்கியில் மட்டும் முத்திரை இருந்தால் அது கொக்கிக்கான சாட்சிதான். தேய்ந்த கொக்கியை மாற்றுவது சாதாரணம், வேறு நகையிலிருந்து வெட்டி ஒட்டுவதும் நடக்கும். முத்திரைக்குப் பக்கத்தில் பற்றவைத்த தடம் புதிதாகத் தெரிகிறதா, நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். ஆண்டு எழுத்தும் முத்திரை குத்திய ஆண்டைத்தான் சொல்லும், செய்த ஆண்டை அல்ல. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பதக்கத்தில் '22' என்ற எண்ணும் இரண்டு எழுத்துகளும் மட்டுமே இருந்தன. சோதனை மையத்தில் கொடுத்தேன். எக்ஸ்ரே கருவியில் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தார்கள். தகட்டில் 22 காரட்டை ஒட்டி வந்தது, கல் பதித்த கூடுகளின் ஓரத்தில் குறைந்தது. காரணம் கடையின் மோசடியாக இருக்க வேண்டியதில்லை. பழைய பற்றாசில் தங்கம் மிகக் குறைவு, கூடுகள் நிறைந்த பதக்கத்தில் அந்தப் பற்றாசுதான் அதிகம். உருக்கினால் மொத்த மாற்று இறங்கிவிடும். எக்ஸ்ரே மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. உள்ளே இருப்பதை உறுதியாகச் சொல்வது தீச்சோதனை. சுரண்டி எடுத்த சிறு துணுக்கை நிறுத்து, வெள்ளியும் ஈயமும் சேர்த்து உருக்கி, பிறகு நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்துவிட்டு, மிஞ்சும் தங்கத்தை மறுபடி நிறுப்பார்கள்.

இந்த வேலைக்கு நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'துளை நிறை தீப்போக்குச் செம்பொன்' என்று வருகிறது. துளையிட்டும் நிறுத்தும் தீயிலிட்டும் சோதித்த பொன் என்று பொருள். தங்கத்தின் தரத்துக்கு 'மாற்று' என்ற சொல்லும், அதை உரசிப் பார்க்க 'உரைகல்', 'கட்டளைக்கல்' என்ற சொற்களும் உண்டு. 'பத்தரை மாற்றுத் தங்கம்' இன்றும் பேச்சில் இருக்கிறது.

அப்படியானால் ஹால்மார்க்குக்கு 'மாற்று முத்திரை' என்று சொல்லலாமே? எனக்கு அது மிகவும் பிடித்த சொல்தான். ஆனால் இன்று மாற்று என்றால் 'வேறொன்று' என்றே முதலில் தோன்றும், வேறு முத்திரை குத்திவிட்டார்கள் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். 'கூடக்குறி' நேர்ச்சொல், ஆனால் யாருக்கும் புரியாது. ஆகவே 'தர முத்திரை' என்பதே என் தேர்வு. தங்கம், வெள்ளி இரண்டுக்கும் பொருந்தும். ஒரே ஒரு குறை, சோதித்தவர் வேறு ஆள் என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'சோதனைத் தர முத்திரை' என்று எழுதிவிடலாம்.

2017 தொடக்கத்தில் ஆண்டு எழுத்தை இங்கே நிறுத்திவிட்டார்கள். காரட்டும் எண்ணும் சேர்ந்து குத்தப்பட்டு, ஆண்டு எழுத்து இல்லாமல் நான்கு குறிகள் இருந்தால் அது 2017-க்கும் 2021-க்கும் இடைப்பட்டது. 2021 ஜூலையிலிருந்து மூன்றே குறிகள்: சின்னம், தூய்மை, எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம். இந்த ஆறு இலக்கத்தை BIS Care செயலியில் Verify HUID என்ற இடத்தில் கொடுத்தால், கடை, சோதனை மையம், தூய்மை ஆகியவற்றோடு அது என்ன வகை நகை என்பதும் வரும். கையில் இருப்பது வளையல், திரையில் வருவது மோதிரம் என்றால், அந்த எண் வேறு நகையிலிருந்து எடுத்துக் குத்தியது.