ஹயலூரோனிக் அமிலம்: ஈரமூட்டியா, நீரீர்ப்பியா?

பாமசியில் ஹயலூரோனிக் அமிலச் சீரம் கேட்பவருக்கு, "இது தோலுக்கு நல்ல ஈரமூட்டி" என்று சொல்லிக் கொடுப்பது யாழ்ப்பாணத்தில் வழக்கமாகிவிட்டது. அழகுக் குறிப்பு எழுதுவோரும் அச்சொல்லையே எழுதுகிறார்கள். அது பிழையான சொல் மட்டுமன்று, தோலைக் காயவைக்கும் பிழையுமாகும்.

1934 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டுக் கண்ணினுள் உள்ள கூழிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ஹ்யாலோஸ்' பெயரின் முற்பகுதி; இப்பொருளின் ஒரு கூறான யுரோனிக் அமிலம் பிற்பகுதி. அமிலம் என்பதால் தேசிக்காய்ப் புளிபோல் எரிக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை, நம் தோலிலேயே இது இயல்பாக உண்டு.

ஊட்டுதல் என்றால் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தல். தாய் சோறூட்டுகிறாள், சோறு அவள் கையில் இருக்கிறது. இந்த அமிலத்தின் கையிலோ பெரிதாக நீர் இல்லை. அருகில் இருக்கும் நீரை இழுத்துப் பிடித்துவைப்பதே அதன் தொழில். தோலின் மேல் நீரிருந்தால் அதைப் பிடிக்கும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அதிலிருந்தும் எடுக்கும். இரண்டும் இல்லாதபோது தோலின் உள்ளடுக்கு நீரை மேலே இழுக்கக்கூடும். அந்த நீர் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிப் போய்விடும். பெரிய மூலக்கூறுகள் தோலின் மேல் மெல்லிய படலமாக நின்று, காய்ந்ததும் இறுகுவதும் உண்டு. தன் எடையைப் போல் 1000 மடங்கு நீரைத் தாங்கும் என்னும் விளம்பர வரி, அந்த நீர் எங்கிருந்து வரும் என்பதைச் சொல்வதேயில்லை.

ஆகவே 'நீரீர்ப்பி' என்பதே தகும். 'நீர்பற்றி' என்று எழுதலாமே என்பாருண்டு; அது 'நீரைக் குறித்து' என்றும் பொருள்படுவதால் நான் ஏற்கவில்லை. நீரைப் போகவிடாமல் மூடும் வசலினையும் கிறீமையும் 'ஈரக்காப்பு' என்று வேறு சொல்லால் அழைக்க வேண்டும். நீரீர்ப்பியையும் ஈரக்காப்பையும் ஈரமூட்டி என்ற ஒரே பெயருக்குள் அடைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், ஒன்றிருந்தால் மற்றது தேவையில்லை என்று வாசகரை நம்பவைக்கிறார்கள்.

நாள் முழுவதும் குளிரூட்டிய வங்கி அறையில் இருக்கும் ஒரு பெண், முகத்தைத் துவாயால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சீரத்தை மட்டும் பூசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரத்தில் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது. சில நாட்களில் மூக்கின் ஓரங்களில் மெல்லிய செதில் எழுகிறது. அவர் சீரத்தை இன்னும் கூட்டுகிறார், இறுக்கமும் கூடுகிறது. அவர் செய்ய வேண்டியது, முகத்தை ஒற்றியெடுத்து ஈரம் நிற்கும்போதே இரண்டு மூன்று துளி பூசி, அது காயுமுன் கிறீமால் மூடுவது. ஈரத்தில் பூசினாலும் மேலே காப்பு இல்லையென்றால் அந்த நீரும் போய்விடும்.

மாரிகால ஈரக்காற்றில் இவ்விடர் அவ்வளவாகத் தெரியாது. வெயிலோடு சோளகம் வீசும் மாதங்களிலும் குளிரூட்டிய அறைகளிலும்தான் அது வெளிப்படும். இறுக்கத்துக்குப் பதிலாகச் சிவப்பும் எரிவும் தோன்றினால் சீரத்திலுள்ள வாசனைப் பொருள் போன்ற வேறொன்று ஒத்துவராமல் இருக்கலாம், அப்போது பூசுவதை நிறுத்திவிட வேண்டும்.