வைக்கோலைத் தின்னும், தீவனத்தை ஒதுக்கும்: ஈன்ற மாட்டுக்கு வரும் கீட்டோசிஸ்

பங்குனி மாதம் காரைக்குடிப் பக்கம் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "தம்பி, கன்னு போட்டு ரெண்டு வாரம் ஆச்சு. நல்லாத்தான் கறந்துச்சு. இப்ப தீவனம் எடுக்கல, கறவை இறங்கிக்கிட்டே வருது." நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி காய்ச்சலைப் பற்றியது அல்ல. "வைக்கோல் தின்னுதா?" என்றுதான் கேட்பேன். "வைக்கோல் தின்னுது, தவிடு புண்ணாக்கைத்தான் தொடமாட்டேங்குது" என்று பதில் வந்தால், உடம்புக் கொழுப்பு அரைகுறையாக எரிவதால் உண்டாகும் கீட்டோனைப் பார்க்கும் பொடியைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புவேன்.

எந்த நோய் வந்தாலும் மாடு தீவனத்தைக் குறைக்கும். ஆனால் அடர்தீவனத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, வைக்கோலையும் புல்லையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருப்பது கீட்டோசிஸின் அடையாளம். பெரும்பாலும் கன்று ஈன்று பத்து நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் இது வரும். மூன்றாவது, நான்காவது ஈத்தில் நன்றாகக் கறக்கும் கலப்பின மாடுகளில்தான் அதிகம் பார்க்கிறேன். நம் சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் மாட்டில் பார்த்ததில்லை. அது கன்றுக்குப் போக மிச்சம்தான் கறக்கும், உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும் நிலைமை அதற்கு வருவதில்லை.

தேவகோட்டை போகும் வழியில் ஒரு கண்மாய்க்கரை வீட்டில் பார்த்த செவலை மாட்டைச் சொல்கிறேன். ஜெர்சி கலப்பு, நான்காவது ஈத்து. ஈன்று பதினாறு நாள். பன்னிரண்டாம் நாள் 14 லிட்டர் கறந்தது, நான் போன அன்று 8 லிட்டர். காய்ச்சல் இல்லை, 101.6 டிகிரிதான். அசை போடுவது குறைந்திருந்தது. சாணம் உருண்டை உருண்டையாக இறுகி, மேலே சளி பூசினாற்போல் பளபளத்தது. வால் அடியில் எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. மூக்கருகே குனிந்தால் மூச்சில் நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் வாடை. இந்த வாடை எல்லார் மூக்குக்கும் பிடிபடாது. மாட்டை வளர்க்கும் அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியவில்லை, அவர் மகனுக்கு உடனே தெரிந்தது. அதனால் வாடை இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

பெண்குறிக்குக் கீழே விரல்களால் மெல்லத் தடவிக் கொடுத்துச் சிறுநீர் பிடித்தோம். சோதனைக் குழாயில் பொடியைப் போட்டு, சிறுநீரை விட்டுக் குலுக்கி, குழாயின் ஓரமாக அம்மோனியாவை மெதுவாக வழியவிட்டேன். இரண்டும் சேரும் இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வளையம் ஒன்று விழுந்தது. பாலிலும் அதே சோதனையைச் செய்தேன், அதிலும் வளையம். இரண்டிலும் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சிறுநீரில் கீட்டோன் செறிந்து சேரும். ஈன்ற புதிதில் நல்ல மாட்டின் சிறுநீர்கூட லேசாக நிறம் காட்டிவிடும். பாலிலும் காட்டினால் சந்தேகமே வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்காக மருந்துக்கடையில் விற்கும் சிறுநீர் கீட்டோன் பட்டையையும் வீட்டில் பயன்படுத்தலாம். பாட்டிலில் போட்டிருக்கும் நொடிக்கணக்குப்படி பார்க்க வேண்டும், தாமதித்தால் நிறம் கூடித் தெரியும். ரத்தத்தில் பார்க்கும் கருவி இருந்தால் லிட்டருக்கு 1.2 மில்லிமோலுக்கு மேல் போனாலே எச்சரிக்கை. 3 மில்லிமோல் அளவில் பெரும்பாலும் மாடு வெளிப்படையாகவே நோய் காட்டும்.

சரி, இது ஏன் வருகிறது? ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 48 கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. அதைச் செய்ய மடிக்குக் குளுக்கோஸ் வேண்டும். மற்ற செலவையும் சேர்த்தால் லிட்டருக்குச் சுமார் 70 கிராம். 14 லிட்டர் கறக்கும் செவலைக்குப் பாலுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஒரு கிலோ குளுக்கோஸ் போகிறது. ஆனால் ஈன்ற புதிதில் பால் ஏறுகிற வேகத்துக்குப் பசி ஏறாது. பால் ஒன்றரை மாதத்தில் உச்சத்தைத் தொடும், தீவனம் எடுப்பது உச்சத்துக்கு வர இரண்டரை, மூன்று மாதம் ஆகும். இடையில் விழும் பள்ளத்தை உடம்புக் கொழுப்பைக் கரைத்து மாடு நிரப்புகிறது. அந்தக் கொழுப்பு ஈரலுக்கு வந்து குவிகிறது. குளுக்கோஸ் தட்டுப்பாட்டில் இருக்கும் ஈரலால் அத்தனையையும் முழுதாக எரிக்க முடிவதில்லை. அரைகுறையாக எரிந்ததுதான் கீட்டோன். அது கூடினால் இருக்கிற பசியும் அடங்கிவிடும், பள்ளம் இன்னும் ஆழமாகும்.

செவலைக்கு இந்தப் பள்ளம் முன்பே வெட்டப்பட்டிருந்தது. தாமதமாகச் சினை பிடித்ததால் நாலு மாதம் பால் வற்றிக் கிடந்தது. தையில் சம்பா அறுப்பு முடிந்த வயலில் மேய்ச்சல், வீட்டில் கஞ்சி, பக்கத்துப் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சிய சோறு. ஈனும்போது முதுகு பலகை மாதிரி இருந்ததாம். "நல்லாத் தேறியிருந்துச்சே தம்பி!" என்று அந்த அம்மா ஆதங்கப்பட்டார். கொழுத்து ஈனும் மாடு மற்ற மாட்டைவிடக் குறைவாகத்தான் தீவனம் எடுக்கும், கரைக்கும் கொழுப்போ அதிகம். அதோடு பங்குனி வெயிலும் சேர்ந்துகொண்டது.

நான் வந்தபோது தொட்டி பக்கத்தில் அப்பத்தா ஒரு சட்டியில் கருப்பட்டி கரைத்துக்கொண்டிருந்தார். தினமும் முக்கால் கிலோ, ஒரு வாரமாக. "சத்து இல்லேன்னா இனிப்புதானப்பா குடுக்கணும்?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நமக்குக் கருப்பட்டி கரைத்துக் கொடுத்தால் சர்க்கரை நேரே ரத்தத்துக்குப் போகும். மாட்டுக்கு அப்படி இல்லை. முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையை முதலில் தின்றுவிடும், ரத்தத்துக்குச் சர்க்கரையாக ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. அவை வெளிவிடும் அமிலங்களில் பியூட்டிரிக் அமிலம் கணிசமாக இருக்கும், அதுவோ வயிற்றுச் சுவரிலேயே கீட்டோனாக மாறிவிடும். ஒரே நேரத்தில் நிறையக் கொடுத்தால் வயிறு புளித்து வேறு வம்பு வரும். கல்யாணச் சோறும் அப்படித்தான். வாய்க்கு ருசி காட்ட ஒரு சின்னத் துண்டு கருப்பட்டி கொடுத்தால் கெடுதல் இல்லை, மருந்தாக நினைத்துக் கரைத்து ஊற்ற வேண்டாம் என்று அப்பத்தாவிடம் சொன்னேன். அவர் ஏற்றுக்கொள்ள இரண்டு நாள் ஆனது.

மாட்டின் ஈரல் குளுக்கோஸ் செய்யப் பெரிதும் பயன்படுத்துவது புரொப்பியானிக் அமிலத்தை. மக்காச்சோளம் போன்ற தானிய மாவு வயிற்றில் நொதிக்கும்போது அது நன்றாகக் கிடைக்கும். மருந்தாகக் கொடுக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவமும் இதே வழியில்தான் ஈரலுக்குக் கைகொடுக்கிறது.

முதல் நாள் செவலைக்கு 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி நரம்பில் ஏற்றினேன். மாலைக்குள் முகம் தெளிந்தது. இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். அந்த பாட்டிலில் இருப்பது 250 கிராம் குளுக்கோஸ். பாலுக்கு மட்டும் ஒரு கிலோ வேண்டும் என்று மேலே பார்த்தோம். ஏற்றியதிலும் ஒரு பங்கு சிறுநீரில் போய்விடும், ரத்தத்தில் ஏறிய அளவு இரண்டு மணி நேரத்தில் பழையபடி இறங்கிவிடும். "ஊசி போட்டோம், சரியாச்சு, மூணாம் நாள் திரும்பிருச்சு" என்ற புகாருக்கு இதுதான் காரணம். பாட்டில் மாட்டைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். அடுத்த ஐந்து நாள்தான் வைத்தியம்.

அதனால் தினமும் ஒரு வேளை 300 மில்லி புரொப்பிலீன் கிளைக்கால், ஐந்து நாள். அந்த அம்மாவின் மகனுக்கு ஊற்றும் விதத்தைக் காட்டிக் கொடுத்தேன். தலையை வானம் பார்க்கத் தூக்கக் கூடாது, மூக்கு கண்ணின் உயரத்துக்கு வந்தால் போதும். நாக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது. கடைவாய் ஓரமாக ஒரு மடக்கு விட்டு, விழுங்கிய பிறகு அடுத்தது. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய் மாட்டையே இழக்க நேரும். அளவைக் கூட்டினால் சீக்கிரம் குணமாகும் என்பதும் இல்லை, மாடு மயங்கித் தள்ளாடும். கால்நடை மருந்தாக விற்பதைத்தான் வாங்க வேண்டும். கார் கூலண்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், பெயர் ஒன்றுபோல் கேட்டாலும் அது விஷம். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் இந்த நோய்க்குப் போடுவது உண்டு. ஆனால் கர்ப்பப்பையில் சீழோ வேறு தொற்றோ இருந்தால் அதைக் கிளப்பிவிடும். மாட்டைப் பார்க்காமல் போனில் கேட்டுப் போடுகிற மருந்து அல்ல அது.

தீவனத்தைத் திணிக்க வேண்டாம் என்றேன். முதல் இரண்டு நாள் நறுக்கிய கோ-4 புல், கொஞ்சம் அகத்தி, நல்ல வைக்கோல். கடலைப் புண்ணாக்கும் தவிடுமாக இரண்டு கிலோ வைத்துக்கொண்டிருந்தார்கள். புண்ணாக்கில் இருப்பது புரதம், செவலைக்குப் பற்றாமல் இருந்தது எரிசக்தி. அதை மாற்றி, மக்காச்சோள மாவு சேர்ந்த கலப்புத் தீவனத்தை அரைக் கிலோ அரைக் கிலோவாக நாலு வேளை வைத்தோம். வெயிலுக்கு முன் விடியற்காலையிலும், இருட்டிய பிறகும்தான் பெரும்பங்கு. மூன்றாம் நாள் காலை தொட்டி காலியாக இருந்தது. அதன்பின் தினமும் சுமார் 300 கிராம் கூட்டி, இரண்டு வாரத்தில் ஆறு கிலோவுக்கு வந்தோம். ஒரே தாவாக ஆறு கிலோ வைத்திருந்தால் வயிறு புளித்து, திரும்ப ஆரம்பத்துக்கே போயிருக்கும். கூடவே தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை.

ஐந்தாம் நாள் பாலில் வளையம் விழவில்லை. கறவை 11 லிட்டர், மூன்றாம் வாரம் 13. அப்படி ஐந்தாம் நாளும் வளையம் விழுந்திருந்தால் மருந்தை நீட்டிக்கொண்டே போயிருக்க மாட்டேன். வேறு ஏதோ நோய் மாட்டைத் தின்னவிடாமல் செய்து, அதனால் கீட்டோன் ஏறுகிறது என்று அர்த்தம். கர்ப்பப்பைச் சீழ், வயிற்றில் குத்திய கம்பி, இடம் மாறிய நாலாம் வயிறு ஆகியவற்றைத் தேட வேண்டும். விலா மேல் விரலால் சுண்டிக்கொண்டே ஸ்டெதஸ்கோப்பில் கேட்டால், வயிறு இடம் மாறியிருக்கும் பக்கத்தில் வெண்கலப் பாத்திரத்தைத் தட்டினாற்போல் சத்தம் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சில மாடுகளில் கீட்டோசிஸ் மூளையைப் பிடிக்கும். தன் உடம்பையே விடாமல் நக்கும், சங்கிலியைக் கடிக்கும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும், கத்தும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கி, பிறகு திரும்ப வரும். வெறிநோயும் இப்படித் தோன்றலாம். அது இல்லை என்று தெரியும்வரை யாரும் வாயில் வெறுங்கையை விடக் கூடாது.

செவலை அடுத்த ஈத்துக்குச் சினை பிடித்தபோது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுத் தேதி குறித்துக்கொண்டார். பால் வற்றவிட்டது இரண்டு மாதம் மட்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், உள்ளங்கை வைத்து அழுத்தினால் தட்டுப்படும் அளவுக்கு உடம்பு இருந்தது. ஒருவேளை அப்போதும் கொழுத்திருந்தால் பட்டினி போட்டு இளைக்க வைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். ஈனும் முன்பே கொழுப்பு கரையத் தொடங்கி, நோயை நாமே வரவழைத்ததாகிவிடும். ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, ஈன்ற பிறகு தரப்போகும் அதே தீவனத்தை ஒரு கிலோவில் தொடங்கி இரண்டு கிலோவுக்குக் கொண்டுவந்தார். ஈன்ற ஏழாம் நாளும் பதினாலாம் நாளும் மகன் சிறுநீரில் பட்டையை நனைத்துப் படம் எடுத்து அனுப்பினார். முதல் படத்தில் லேசான இளஞ்சிவப்பு இருந்தது. தீவனம் முழுதாக எடுக்கிறதா என்று கேட்டேன், எடுக்கிறது என்றார். சும்மா பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டாவது படத்தில் பட்டையில் இளஞ்சிவப்பே இல்லை.